விலாவில் தொடங்கிய வலி விதைப்பை வரை இறங்கியது, யாருக்காவது இப்படி?

இரவுப்பறவை:
போன மாதம் இரவு 2 மணி. இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம், ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு வலி. முறுக்கும், கொஞ்சம் தளரும், மறுபடி முறுக்கும். படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இரண்டு முறை வாந்தி. விடிவதற்குள் வலி அடிவயிற்றைத் தாண்டி விதைப்பைக்கு வந்துவிட்டது. கோளாறே அங்கேதான் என்று பயந்துவிட்டேன். ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் சிறுநீரகக் கல். கல் மேலே இருக்க, வலி எப்படிக் கீழே போனது?

மூட்டைக்காரர்:
எனக்கும் இடுப்பு வலி உண்டு. பாரம் தூக்கினால் வரும், படுத்தால் போய்விடும். கல்லாக இருக்குமோ?

பழைய செவிலி:
படுத்தால் அடங்குவது பெரும்பாலும் தசை வலிதான் ஐயா. கல் வலிக்காரர் எப்படிப் படுத்தாலும் புரண்டுகொண்டே இருப்பார், வார்டு வாசலிலிருந்தே தெரிந்துவிடும்.

இரவுப்பறவை, கல் கீறுவதால்தான் இந்த வலி என்று நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் அடைப்பு. சிறுநீரகத்துக்குள் சும்மா கிடக்கும் கல் பலருக்கு வலிப்பதே இல்லை. அது சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைத்ததும் சிறுநீர் பின்னால் தேங்கி, சிறுநீரகம் உப்புகிறது. அந்த அழுத்தம்தான் விலாவில் வலிக்கிறது. கல் கீழே நகர நகர வலியும் இறங்கும். விதைப்பைக்கும் குழாய்க்கும் போகும் நரம்புகள் தண்டுவடத்தில் அடுத்தடுத்துச் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்குக் குழப்பம். பெண்களுக்கு இதே வலி பிறப்புறுப்பின் பக்கம் தெரியும்.

கல்தச்சன்:
நாலு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடியுங்கள், கல் அடித்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு 3 மில்லிமீட்டர் கல் அப்படித்தான் வந்தது.

பழைய செவிலி:
அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். இனிக் கல் சேராமலிருக்கத் தண்ணீர் அவசியம், அது சரி. ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரேயடியாகக் குடித்தால் கல் வேகமாக நகராது, வாந்திதான் வரும். அந்த நேரத்துக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி நிவாரண ஊசிதான் கைகொடுக்கும், அதுவும் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு ஆகாது. அப்புறம், இந்த வலியோடு குளிர்க்காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இரவுப்பறவை:
எனக்குக் காய்ச்சல் இல்லை. நாலாம் நாள் வலி சுத்தமாக நின்றது, கல் போய்விட்டது என்று மருந்தையும் நிறுத்திவிட்டேன். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறுநீர் முட்டியது, போனால் சில சொட்டுதான். மறு ஸ்கேனில் கல் சிறுநீர்ப்பை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது! பதினோராம் நாள்தான் சிறுநீரை வடிகட்டிய வடிகட்டியில் விழுந்தது. வலி நின்றதை எப்படி நம்புவது?

பழைய செவிலி:
நம்பவே கூடாது. அடைப்பு அப்படியே இருக்கும்போதும் வலி ஓய்ந்துவிடுவதுண்டு. கல் கையில் கிடைக்கவேண்டும், இல்லையென்றால் மறு ஸ்கேன். விழுந்த கல்லை என்ன செய்தீர்கள்?

இரவுப்பறவை:
தூக்கி எறிந்துவிட்டேனே. ஏன், அதையும் பார்ப்பார்களா?