பொருள்: கலைச்சொல் தேவை: நாண்சுரங்கமா, சமநேரச் சுரங்கமா? (சனிக்கிழமைக்குள்)

கயல்விழி, பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். இங்கே நாங்கள் வார இறுதியில் நடத்தும் தமிழ்வழி அறிவியல் வகுப்பில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தச் சனிக்கிழமை தனிச்சீரிசை இயக்கம் எடுக்கிறேன். ஊசலும் சுருள்வில்லும் அவர்களுக்குச் சலித்துவிட்டன. அதனால் ஒரு கோளின் ஊடே நேர்கோட்டில் சுரங்கம் தோண்டி, அதில் ஒரு வண்டியை விட்டால் மறுமுனைக்கு எவ்வளவு நேரத்தில் போகும் என்ற கணக்கை வைத்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து மும்பைக்கு ஒரு சுரங்கம், டெல்லிக்கு ஒரு சுரங்கம்.

இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று, மையம் வழியாகப் போகாமல் இரண்டு ஊர்களை நேராக இணைக்கும் இந்தச் சுரங்கத்துக்கு. இன்னொன்று, ஒரு முனையிலிருந்து மறுமுனை சேரும் நேரத்துக்கு. வெறும் 'பயண நேரம்' என்று எழுதிய முறை பாதிப் பேர் முழு அலைவு நேரத்தைப் போட்டு 84 நிமிடம் என்று விடை கொண்டுவந்தார்கள். சரியான விடை 42.

ரஃபீக், மும்பை

எந்த ஊருக்குப் போனாலும் அதே 42 நிமிடம் என்பதுதானே இதில் அழகு? அதையே பெயராக வைத்துவிடலாம்: 'சமநேரச் சுரங்கம்'. பிள்ளைகளுக்கு மறக்கவே மறக்காது. இல்லாவிட்டால் 'மிதவைச் சுரங்கம்'. உள்ளே விழுந்துகொண்டே இருப்பதால் எடை இருக்காது, எல்லோரும் மிதப்பார்கள்.

பரமசிவம், டெல்லி

அன்புடையீர், முதலில் 'சுரங்கம்' என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் 'சுருங்கை வீதி' வருகிறது. நிலத்தடி வழிக்கு நம்மிடம் சுருங்கை இருக்கும்போது வடமொழி வழியாகத் திரும்பி வந்த உருவம் எதற்கு? சுருங்கு என்ற வினையடியிலிருந்து பிறந்தது அது. அகன்ற வழி சுருங்கினால் சுருங்கை. 'நாண்சுருங்கை' என்று வைக்கலாம். நேரத்துக்கு 'கடப்புப் பொழுது'.

இரகுராமன், பெங்களூரு

பரமசிவம் ஐயா, சுருங்கை கிரேக்கத்தின் 'சிரிங்க்ஸ்' என்ற குழல் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு வலுவான கட்சி உண்டு. யவனர்கள் கோட்டை கட்டிய காலத்துக் கதை. நீங்கள் சுருங்கு என்கிறீர்கள், அவர்கள் குழல் என்கிறார்கள். சனிக்கிழமைக்குள் இது முடியாது.

ரஃபீக்கின் சமநேரத்துக்கு வருகிறேன். ஏன் நேரம் மாறுவதில்லை என்று பார்த்தால்தான் அந்தப் பெயர் தாங்குமா என்று தெரியும். அடர்த்தி எங்கும் ஒன்றாக இருக்கும் கோளில், மையத்திலிருந்து r தொலைவில் ஈர்ப்பு முடுக்கம் g·r/R. அது மையத்தை நோக்கியது. சுரங்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து x தொலைவில் நிற்கும் வண்டியைச் சுரங்கத்தின் திசையில் இழுப்பது அதன் ஒரு கூறு மட்டுமே. அந்தக் கூறின் விகிதம் x/r. பெருக்கினால் r அடிபட்டுப் போய் g·x/R மட்டும் மிஞ்சுகிறது. சுரங்கம் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்ற செய்தியே அதில் இல்லை. அதனால்தான்

```
t = π √(R/g)
```

பூமிக்கு R 6,371 கி.மீ., g 9.8 என்றால் 2,530 நொடி வாக்கில் வரும், 42 நிமிடம்.

பெங்களூரு–மும்பை நேர்த்தொலைவு 845 கி.மீ. என்று கொள்வோம். சுரங்கம் நடுவில் 14 கி.மீ. ஆழம் போகும். வாயிலில் முடுக்கம் நொடிக்கு நொடி 0.65 மீட்டர் மட்டுமே, பஸ் கிளம்புவதைவிட மெதுவாகத் தோன்றும். நடுவில் வேகம் மணிக்கு 1,900 கி.மீ. டெல்லிக்கு 1,740 கி.மீ. தூரம், ஆழம் 59 கி.மீ. தூரம் இரு மடங்குக்குச் சற்று மேல், வாயிலில் இழுப்பும் அதே விகிதத்தில் அதிகம், நடு வேகமும் அப்படியே, மணிக்கு 3,900 வாக்கில். எல்லாம் ஒரே விகிதத்தில் பெருகுவதால் நேரம் நகரவில்லை.

இவ்வளவும் அடர்த்தி ஒன்றாக இருந்தால். நிஜப் பூமியில் அடர்த்தி மையத்தில் குவிந்திருக்கிறது. மேற்பரப்பிலிருந்து 2,900 கி.மீ. ஆழம் வரை, அதாவது உள்ளகத்தின் விளிம்பு வரை, ஈர்ப்பு குறைவதே இல்லை. 10-ஐ ஒட்டியே நின்று விளிம்பில் 10.7 வரை ஏறுகிறது, அதற்குப் பிறகுதான் இறங்குகிறது. ஆகவே மையம் வழியாக விழுகிறவர் 38 நிமிடத்தில் போய்விடுவார். மும்பைச் சுரங்கமோ மேலோட்டிலேயே கிடக்கிறது. அங்கே r கிட்டத்தட்ட R-தான், g-யும் மாறவில்லை, அதனால் பழையபடி g·x/R, பழையபடி 42. குட்டைச் சுரங்கம் 42, நீளமானது 38 என்று ஆகிவிட்டால் 'சமநேரம்' என்ற பெயர் எங்கே நிற்கும்? பெயரில் பண்பை வைத்தால் இப்படி மாட்டிக்கொள்வோம். வடிவத்தை வைக்கலாம். வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு பாடப்புத்தகத்திலேயே 'நாண்'. ஆகவே நாண்சுரங்கம்.

மிதவை பற்றி: விட்டத்தின் வழியே விழுந்தால்தான் மிதப்பீர்கள். நாண் வழியில் வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. ஈர்ப்பின் மற்றொரு கூறு உங்களைத் தரையில் அழுத்திக்கொண்டே இருக்கும். மும்பைச் சுரங்கத்தின் நடுவில் உங்கள் எடை கிட்டத்தட்ட முழு எடைதான். எழுந்து நடக்கலாம், டீ ஊற்றிக் குடிக்கலாம்.

ரஃபீக், மும்பை

மிதவையைத் திரும்பப் பெறுகிறேன், சமநேரத்தை விடமாட்டேன். கயல்விழி கேட்டது ஒரு கோள், பூமி என்று சொல்லவில்லையே. நிலவை எடுங்கள். அதன் உள்ளகம் சின்னது, அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை, காற்றும் இல்லை. அங்கே எந்தச் சுரங்கத்துக்கும் 54 நிமிடம் வருகிறது, போட்டுப் பார்த்தேன். பேருக்கு ஏற்ற ஊர் இருக்கும்போது பேரை ஏன் மாற்ற வேண்டும்?

தேவசகாயம், கல்யாண்

எல்லோருக்கும் வணக்கம். தமிழ் இலக்கணம் எனக்கு அவ்வளவு தெரியாது. மத்திய ரயில்வேயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். சின்னச் சந்தேகம். இந்தச் சுரங்கத்தின் சரிவு என்ன? போர்காட்டில் கர்ஜத்–லோனாவாலா ஏற்றம் 37-க்கு 1. அதற்கே பின்னால் பேங்கர் எஞ்சின் போட்டுத் தள்ளுவோம். நீங்கள் சொல்லும் வழி அதைவிடச் செங்குத்தாக இருக்குமே. மெட்ரோவுக்கு என்று எழுதியிருந்தால் மன்னிக்கவும், முதல் மெயிலை முழுதாகப் படிக்கவில்லை.

இரகுராமன், பெங்களூரு

மெட்ரோ இல்லை சார், கற்பனைக் கணக்கு. வாயிலில் 15-க்கு 1. நடுவில் தட்டை, மறுபுறம் அதே ஏற்றம். எஞ்சின் கிடையாது. இறங்கும்போது சேர்த்த வேகத்திலேயே ஏறிவிடும், காற்றையும் உராய்வையும் எடுத்துவிட்டால்.

ரஃபீக், நிலவு நல்ல எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைச்சொல்லை நிலவில் மட்டும் செல்லுபடியாகும்படி வைக்க முடியாது.

பரமசிவம், டெல்லி

'நாண்சுரங்கம்' என்று எழுதுவது பிழை. "ணன வல்லினம் வரட் டறவும்" என்பது நன்னூல். மண் + குடம் மட்குடம் ஆவதுபோல, வேற்றுமையில் நாண் + சுரங்கம் 'நாட்சுரங்கம்' என்றே வரும். சுருங்கை என்றாலும் 'நாட்சுருங்கை'. தவிர, நாண் என்றவுடன் திருக்குறளின் 102-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும் தலைமுறை இன்னும் இருக்கிறது.

கயல்விழி, பெங்களூரு

ஐயா, நாட்சுரங்கம் என்று திரையில் போட்டால் பிள்ளைகள் நாள் + சுரங்கம் என்று பிரிப்பார்கள். 42 நிமிடப் பயணத்துக்கு ஒரு நாள் ஆகும் என்று நினைத்துக்கொள்வார்கள். இடம் விட்டு 'நாண் சுரங்கம்' என்று எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா?

நேரத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. 'அரையலைவு நேரம்' என்று நினைத்தேன். 84 போடும் பிள்ளைக்கு 'அரை' என்ற எழுத்தே எச்சரிக்கை.

இரகுராமன், பெங்களூரு

அரையலைவு சரியான சொல், இயற்பியலும் அதிலேயே இருக்கிறது. ஆனால் மும்பையில் இறங்கிவிடுகிற பயணிக்கு அலைவே கிடையாது. 'ஒருவழி நேரம்' என்றால் பஸ் டிக்கெட் வாங்கிய எவருக்கும் புரியும். என் ஓட்டு அதற்கு.

பரமசிவம், டெல்லி

இடம் விடுவது புணர்ச்சியிலிருந்து தப்பிக்கும் வழி, விதி ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். ஒருவழிக்கு மறுப்பில்லை.

கயல்விழி, பெங்களூரு

சரி. ஸ்லைடில் 'நாண் சுரங்கம்', 'ஒருவழி நேரம்' என்று போட்டுவிட்டேன். ரஃபீக்குக்காக, அடர்த்தி சீரான கோளில் இது சமநேரச் சுரங்கம் ஆகும் என்று அடியில் ஒரு வரி. மறுமுனை வந்ததும் நிற்பதற்கும் ஒரு சொல் வேண்டும், அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

தேவசகாயம், கல்யாண்

அம்மா, நிற்பது பற்றித்தான் கேட்க வந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷன் மஞ்சள் பலகையிலும் கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். மும்பை கடலோரம். பெங்களூரு 900 மீட்டர் வாக்கில். உராய்வே இல்லை என்றாலும் மும்பையில் விட்ட வண்டி பெங்களூரு வரை எப்படி ஏறும்?

இரகுராமன், பெங்களூரு

ஏறாது சார். பெங்களூரில் விட்டால் மும்பை வாயிலில் மணிக்கு 480 கி.மீ. வேகத்தோடு வெளியே வந்து விழும். மும்பையில் விட்டால், கடைசிச் சரிவு 15-க்கு 1 என்பதால், பெங்களூருக்கு 13 கி.மீ. முன்பே நின்று பின்னோக்கி உருளத் தொடங்கும். அந்த 13 கி.மீ.க்கு உங்கள் பேங்கர்தான் வேண்டும்.

பரமசிவம், டெல்லி

பேங்கருக்குத் தமிழ் என்ன?