கலைச்சொல்: ஆளில்லாப் படத்தோடு ஒப்பிட்டு ஆளைப் பிரித்தெடுக்கும் முறைக்கு என்ன பெயர்?

வளவன்:
அனைவருக்கும் வணக்கம். படச்செயலாக்கச் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாத ஒன்று இது. அசையாத கேமராவில் முதலில் யாரும் இல்லாத காட்சியை எடுக்கிறோம். பிறகு அதே இடத்தில் ஒருவரை நிறுத்தி இன்னொன்று எடுக்கிறோம். இரண்டையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஆள் தனியாகக் கிடைப்பார். இந்த முறைக்குப் 'பின்னணி நீக்கம்' என்று பட்டியலில் இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை. முதல் படத்தை 'வெற்றுப் படம்' என்று எழுதியிருப்பதும் சரியா என்று சொல்லுங்கள்.

சேகர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கணக்கில் செய்வது கழித்தல்தானே, 'பின்னணிக் கழித்தல்' என்றே வைக்கலாம். ஒரே வரியில் முடிகிற வேலை: `cv2.subtract(img, bg)`. எனக்கு நன்றாகவே வருகிறது. தலைமுடியும் கறுப்புக் கால்சட்டையும் மட்டும் விடுபடுகின்றன. அது வெளிச்சக் குறைவால் இருக்கும்.

கண்மணி:
சேகர் ஐயா, வெளிச்சம் கூடினாலும் முடி வராது. சுவரின் மதிப்பு 175, முடியின் மதிப்பு 30 என்றால் 30 − 175 எதிர்ம எண். `cv2.subtract` எதிர்மத்தை 0 ஆக்கிவிடும். 0 என்றால் 'மாற்றம் இல்லை' என்று பொருள். ஆகவே சுவரைவிட வெளிறியவை மட்டும் மிஞ்சும், இருண்டவை எல்லாம் போய்விடும். அதற்குப் பதில் `img - bg` என்று எழுதினால் வேறு வம்பு: எட்டுபிட் எண்ணில் 100 − 103 என்பது 253 ஆகச் சுழன்றுவிடும். மூன்றே அளவு மாறிய சுவர்ப்புள்ளி, பெரிய மாற்றம் போல வெள்ளையாக மின்னும்.

இங்கே வேண்டியது குறி பாராத வேறுபாடு:

```python
d = cv2.absdiff(img, bg).max(axis=2)
mask = (d > 25).astype("uint8") * 255
```

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் எது அதிகம் மாறியதோ அதை எடுக்கிறேன். முதலிலேயே சாம்பல் படமாக்கினால், சுவரும் சட்டையும் நிறத்தில் வேறாக இருந்தும் பொலிவில் ஒன்றாகிவிடும், நெஞ்சில் ஓட்டை விழும். 'கழித்தல்' என்ற பெயரே உங்களைத் தவறான கட்டளைக்கு இட்டுச் சென்றிருக்கிறது என்பதால், 'பின்புல வேறுபாட்டு முறை' என்பது என் பரிந்துரை.

'பின்னணி' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. அதன் இணைச்சொல் 'முன்னணி' ஆகிவிடும். 'முன்னணிப் புள்ளிகள்' என்றால் தேர்தல் முடிவு போல ஒலிக்கிறது. பின்புலம், முன்புலம் என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும்.

ரஹ்மான்:
நானும் இதைத்தான் செய்து பார்க்கிறேன். கையேட்டில் 'வெற்றுப் படம்' என்று இருந்ததால் முழு வெள்ளையாக ஒரு படம் உருவாக்கி அதோடு ஒப்பிட்டேன், எல்லாமே ஆளாகிவிட்டது. பிறகு புரிந்துகொண்டு காலையில் அறையைத் தனியாக எடுத்தேன், மாலையில் தம்பியை நிறுத்தி எடுத்தேன். இப்போதும் சுவர் முழுக்க வெள்ளை. 25ஐ 70 ஆக்கினால் சுவர் போகிறது, கூடவே தம்பியின் பாதி முகமும் போகிறது. வேறு எண் ஏதாவது இருக்கிறதா?

கண்மணி:
எண்ணில் கோளாறு இல்லை தம்பி. காலை வெளிச்சம் வேறு, மாலை வெளிச்சம் வேறு. இரண்டு படத்துக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். கேமராவின் தானியங்கி அமைப்புகளும் காரணமாகும். கருஞ்சட்டைக்காரர் உள்ளே வந்ததும் கேமரா 'காட்சி இருண்டுவிட்டது' என்று கருதி வெளிச்சத்தைக் கூட்டும், தொடாத சுவரும் மாறிவிடும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆளை நிறுத்தி, அவர்மீது குவியம் வைத்து, வெளிச்சம், வெண்சமநிலை, குவியம் மூன்றையும் பூட்டுங்கள். அவரை எடுத்த பிறகு வெளியே போகச் சொல்லி, ஆளில்லாமல் இரண்டு முறை எடுங்கள். விரல் பட்டு அசையாமல் இருக்க நேரங்காட்டியை வைத்து எடுங்கள். அந்த இரண்டு ஆளில்லாப் படங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் கேமராவின் இரைச்சல் எவ்வளவு என்று தெரியும். வேறுபாடு பெரும்பாலும் 8க்குள் நின்றால் 20 அல்லது 25 போதும்.

கெட்டுப்போனதன் காரணத்தை வேறுபாட்டுப் படமே காட்டிக்கொடுக்கும். சுவர் முழுக்கச் சீராக வெளுத்தால் வெளிச்சமோ வெண்சமநிலையோ மாறியிருக்கிறது. கதவு, அலமாரி விளிம்புகளில் மட்டும் மெல்லிய கோடு ஓடினால் கேமரா அசைந்திருக்கிறது. காலடியிலிருந்து சாய்வாக ஒரு திட்டு நீண்டால் அது நிழல்.

வளவன்:
ரஹ்மானின் வெள்ளைப் படத்தைப் பார்த்த பிறகு 'வெற்றுப் படம்' நிலைக்காது. கண்மணி தன் போக்கில் எழுதிய 'ஆளில்லாப் படம்' நன்றாக இருக்கிறது. ஆனால் பொருளைப் பிரித்தெடுக்கும்போது? 'ஒப்பீட்டுப் படம்' எல்லாவற்றுக்கும் பொருந்துமே. நிழல் என்கிறீர்களே, அதை நீக்க வழி உண்டா?

சேகர்:
முடி வந்துவிட்டது, நன்றி. நிழலுக்கு வழி எளிது. நிழல் நிறத்தை மாற்றாது, பொலிவை மட்டும் குறைக்கும். எனவே கழிக்காமல் வகுத்துப் பார்த்தால் போதும், நிழல் முழுதும் போய்விடும்.

கண்மணி:
முக்கால்வாசி சரி. சுவர் (சிவப்பு, பச்சை, நீல வரிசையில்) 180, 175, 165 என்று வைப்போம். நிழல் விழுந்ததும் 120, 117, 110. வேறுபாடு 60, 58, 55. எல்லாமே 25ஐத் தாண்டுவதால் நிழலும் ஆளாகிவிடும். வகுத்தால் 0.67, 0.67, 0.67. மூன்றும் ஒன்றாக, 1க்குக் கீழே இருப்பதால் நிழல் என்று தள்ளிவிடலாம். அதே இடத்தில் 118, 119, 121 என்று ஒரு சாம்பல் சட்டை நின்றால் 0.66, 0.68, 0.73. பிரிந்து நிற்கிறது, பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் சுவரும் நடுநிலைச் சாம்பலாக இருந்தால் அந்தச் சட்டை நிழலாகவே படும், எந்த எண்ணும் காப்பாற்றாது. கறுப்பு முடியிலும் விகிதத்தை நம்ப முடியாது. மதிப்பு 20 இருக்கும் இடத்தில் ±3 இரைச்சலே ஏழில் ஒரு பங்கு. அதனால் விகிதம் 0.4க்கும் 0.9க்கும் நடுவில் இருக்கும்போது மட்டும் நிழலா என்று பார்க்கிறேன், அதற்குக் கீழே போனால் ஆள் என்றே வைக்கிறேன். திறந்தவெளியில் இன்னொன்று: வெயில் மறைந்த இடத்துக்கு வானத்தின் ஒளி மட்டும் கிடைப்பதால் நிழல் சற்று நீலமாகும், மூன்று விகிதங்களும் ஒட்டிவராது. ஆளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துவது இந்தக் கணக்கு எல்லாவற்றையும்விட நல்ல மருந்து. தரையில் விழும் நிழல் மட்டும் அப்போதும் இருக்கும்.

ரஹ்மான்:
பூட்டி எடுத்தேன் அக்கா, சுவர் சுத்தமாகிவிட்டது. தம்பியின் பனியனில் மட்டும் ஓட்டைகள், சுவரும் பனியனும் ஒரே வெள்ளை. அடுத்து கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து எடுக்கலாமா?

கண்மணி:
கையில் வைத்தால் இந்த முறையே பொருந்தாது. பனியனை மாற்றச் சொல்லுங்கள். சின்ன ஓட்டை என்றால் நிரப்பலாம், நெஞ்சளவு ஓட்டையை நிரப்பப் போனால் கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் அடைபடும்.

சேகர்:
வேறுபாடு என்பதை ஏற்கிறேன். ஆனால் இப்போது விகிதமும் உள்ளே வந்துவிட்டது. விகிதம் வைத்துச் செய்கிறவர் 'வேறுபாட்டு முறை' என்று சொல்வாரா? பொதுவழக்கில் 'கழித்தல்' ஏற்கெனவே பரவியும் இருக்கிறது.

வளவன்:
பின்புலம், முன்புலம், ஒப்பீட்டுப் படம் மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். 'பின்னணி நீக்கம்' எந்த வழியிலாவது பின்னணியை அகற்றும் விளைவுக்கு மட்டும் இருக்கட்டும். முறையின் பெயருக்கு 'பின்புல வேறுபாடு', 'பின்புலக் கழித்தல்' இரண்டையும் கேள்விக்குறியோடு விட்டிருக்கிறேன். 'பின்புல ஒப்பீடு' என்று மூன்றாவதாக ஒன்று தோன்றுகிறது, விகிதமும் அதற்குள் அடங்கும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.