புதுப்பிப்பு: எட்டரை மணி போனும் லண்டன் கடிகாரமும்

போன தடவை லண்டன்ல இருக்க மகன் ஒருத்தர் கேட்டது: "பாளையங்கோட்டையில இருக்க அம்மாவுக்கு ராத்திரி எட்டரைக்குப் போன் போடணும். லண்டன்ல சாயங்காலம் 4 மணிக்கு அலாரம் வச்சேன். அக்டோபர் கடைசியில அங்க ஒம்பதரை ஆயிடுது, அம்மா தூங்கிடுறாங்க. என்ன செய்ய?"

காலண்டர் தெரிஞ்ச ஒரு அண்ணாச்சி சொன்னதுதான் சரியா வந்துச்சு. லண்டன்ல அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி, மார்ச் கடைசி ஞாயிறு திரும்ப முன்னால நகர்த்துவாங்க. கடிகார அலாரத்துக்குப் போன் இருக்கிற ஊரு நேரம் மட்டும்தான் தெரியும். அதனால காலண்டர்ல தினசரி நிகழ்வு போட்டு, நேர மண்டலத்தை Asia/Kolkata-னு மாத்தி, 20:30 குடுங்க. பிறகு நவம்பர் மாசத்துக்குத் தள்ளிப் பாருங்க. லண்டன் போன்ல 3:00 காட்டணும். அப்பவும் 4:00-ன்னு நின்னா, மண்டலம் சேமிக்கப்படலை.

"வருஷம் பூரா மாறாத உலகப் பொது நேரமான UTC-ல 15:00 போட்டாப் போதும்"னு ஒருத்தர் சொன்னார். அம்மா பக்கம் அது சரிதான், இந்தியாவுல கடிகாரம் மாறுறதில்ல. ஆனா லண்டன் ஆபீஸ் நேரத்தை ஒட்டின நினைவூட்டலை அப்படிப் போட்டா, மார்ச் கடைசி ஞாயிறே ஒரு மணி நேரம் பிசகும்.

துபாய்க்காரர் ஒருத்தர், "எனக்கு வருஷம் பூரா ஒன்றரை மணி வித்தியாசம்தான், 7 மணி அலாரம் போதும்"னார். லீவுக்குத் தென்காசி வந்தா அதே அலாரம் இந்திய நேரம் 7-க்கே அடிக்கும். அதை அவர் யோசிக்கலை.

குளிர்காலத்துல 3 மணிக்கு மகனுக்கு மீட்டிங். யாரு விட்டுக்குடுக்கன்னு இன்னும் முடிவாகலை.