சொல் தேடல்: ரியலைசேஷன் அக்கவுண்ட்டுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

ஊட்டி, வணிகவியல் ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். கூட்டாண்மைக் கலைப்புப் பாடம் தொடங்கப் போகிறேன். ரியலைசேஷன் அக்கவுண்ட் என்பதை ஒருவர் தீர்வுக் கணக்கு என்கிறார், இன்னொருவர் பணமாக்கல் கணக்கு என்கிறார். எனக்குப் பணமாக்கல் பிடித்திருக்கிறது. சொத்தை விற்றுப் பணமாக்குகிறோம், சொன்னவுடன் புரிகிறது. ஆனால் பதிவு எழுதும்போது பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். சொல்தான் காரணமா, நான் நடத்தும் விதமா என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர், எம்.காம். மாணவர்

டீச்சர், பணமாக்கல்தான் சரி. கலைப்பு என்றாலே எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்குக் கொண்டுபோய், விற்று, கடன்களை அடைத்து, மிச்சத்தைப் பிரிப்பதுதானே? எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் அதில் போகும். கூட்டாளி கொடுத்த கடனும் கடன்தான் என்பதால் அதுவும் போகும்.

கோத்தகிரி, தேயிலைத் தூள் வியாபாரி

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் கடையிலும் இதே நிலைமைதான். மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம். ஒருவர் மகனோடு திருப்பூருக்குப் போகிறார், அவர் பங்கைக் கேட்கிறார். கடை நடந்துகொண்டுதான் இருக்கும். இந்தக் கணக்கை எப்படிப் போடுவது? பொட்டலம் போடும் மெஷினை விற்க வேண்டுமா? விற்றால் நாங்கள் எதை வைத்துப் பிழைப்பது?

குன்னூர், கணக்கர்

கோத்தகிரித் தம்பிக்கு முதலில். மெஷினை விற்க வேண்டாம். உங்கள் கடை கலையவில்லை, ஒருவர் விலகுகிறார், அவ்வளவுதான். 1932 கூட்டாண்மைச் சட்டத்தில் விலகல் 32ஆம் பிரிவு. எல்லாக் கூட்டாளிகளுக்கும் இடையே உள்ள உறவு முறிந்தால்தான் நிறுவனக் கலைப்பு, அது 39ஆம் பிரிவு. உங்களுக்கு வேண்டியது மறுமதிப்பீட்டுக் கணக்கு. அதில் மெஷின் விலை ஏறியதா இறங்கியதா என்ற வித்தியாசம் மட்டும் வரும், மெஷின் ஏட்டிலேயே இருக்கும். நாங்கள் பேசுகிற கணக்கில் சொத்து முழு ஏட்டு மதிப்போடு ஏட்டை விட்டே வெளியேறும். ஒன்று முக்கியம். அவர் விலகியதைப் பொது அறிவிப்பாகக் கொடுங்கள். கொடுக்காதவரை, வெளியாட்கள் விஷயத்தில் பொறுப்பு இரண்டு பக்கமும் தொடரும்.

இனி சொல் விஷயம். ஒரு பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க, அதை எல்லாப் பதிவிலும் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். குன்னூர் ஏலத்தில் தூள் எடுத்துப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு நிறுவனம். கடைக்காரர், வண்டிக்காரர், இளையவர் என்று மூன்று கூட்டாளிகள். லாப நட்டம் 2:2:1. கலைக்கும் நாளில் முதல் முறையே 3,50,000, 2,00,000, 1,00,000. பொதுக்காப்பு 50,000. கடனீந்தோர் 3,00,000. கடைக்காரர் முதலுக்கு மேலே தனியாகக் கொடுத்த கடன் 1,00,000. சொத்துப் பக்கம் வங்கி 50,000, சரக்கு 3,00,000, மெஷின் 2,80,000, வண்டி 2,40,000, கடனாளிகள் 2,50,000. அந்த வசூலில் வராக்கடனுக்கு 20,000 ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் 11,00,000.

முதல் பதிவு. பெயரை இப்போதைக்கு 'அந்தக் கணக்கு' என்றே வைக்கிறேன்.

அந்தக் கணக்கு பற்று 10,70,000
சரக்கு வரவு 3,00,000
கடனாளிகள் வரவு 2,50,000
வண்டி வரவு 2,40,000
மெஷின் வரவு 2,80,000

வங்கி இதில் வரவில்லை, கவனியுங்கள். அது ஏற்கெனவே பணம். இதுவரை பணமாக்கல் என்ற பெயர் நன்றாகப் பொருந்துகிறது. அடுத்த பதிவைப் பாருங்கள்.

கடனீந்தோர் பற்று 3,00,000
வராக்கடன் ஒதுக்கு பற்று 20,000
அந்தக் கணக்கு வரவு 3,20,000

கடனைப் பணமாக்க முடியுமா? ஒதுக்கை? பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான் அம்மா. பெயரில் பணம் இருப்பதால் கடனாளிகளை 2,50,000க்கு மாற்றிவிட்டு, ஒதுக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஊட்டி, வணிகவியல் ஆசிரியை

ஐயா, அதேதான் நடக்கிறது. கடைசியில் வங்கி 20,000 இடிக்கிறது, ஏன் என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

குன்னூர், கணக்கர்

இடிக்கிற தொகையும் ஒதுக்கின் தொகையும் ஒன்றாக இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். மேலே போவோம்.

சரக்குக்கு 2,20,000தான் வந்தது. தூள் பழசாகிவிட்டால் மணம் போய்விடும், கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். கடனாளிகளிடம் 2,00,000, மெஷினுக்கு 1,80,000. ஆக வங்கி பற்று 6,00,000, அந்தக் கணக்கு வரவு 6,00,000. வண்டியை வெளியே விற்கவில்லை. வண்டிக்காரரே 2,00,000க்கு எடுத்துக்கொண்டார்.

வண்டிக்காரர் முதல் பற்று 2,00,000
அந்தக் கணக்கு வரவு 2,00,000

இங்கே ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. பணமாக்கல் இரண்டாவது முறையும் பொருந்தவில்லை. ஒரு கடனீந்தவர் தன் பாக்கிக்குப் பதிலாக மெஷினையே தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பதிவே கிடையாது. இரண்டுமே முன்பே இந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன, உள்ளுக்குள்ளேயே ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்ளும்.

கடனீந்தோர் 10,000 தள்ளிக் கொடுத்தார்கள், 2,90,000இல் முடிந்தது. கலைப்புச் செலவு 20,000. இரண்டுக்கும் அந்தக் கணக்கு பற்று, வங்கி வரவு. தள்ளுபடிக்குத் தனிப் பதிவு போட வேண்டியதில்லை. 3,00,000 வரவில் நிற்கிறது, 2,90,000 பற்றில் ஏறுகிறது, வித்தியாசம் தானே லாபமாகிவிடும்.

பற்று மொத்தம் 13,80,000, வரவு மொத்தம் 11,20,000. நட்டம் 2,60,000.

கடைக்காரர் முதல் பற்று 1,04,000
வண்டிக்காரர் முதல் பற்று 1,04,000
இளையவர் முதல் பற்று 52,000
அந்தக் கணக்கு வரவு 2,60,000

கூடலூர், எம்.காம். மாணவர்

சரி ஐயா, பணமாக்கலை விட்டுவிடுகிறேன். ஆனால் கடைக்காரர் கொடுத்த 1,00,000 ஏன் உள்ளே போகவில்லை? போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் 1,00,000 வரவு, இன்னொரு பக்கம் கொடுத்தது 1,00,000 பற்று. நட்டம் அதே 2,60,000தான். வங்கியும் ஒத்துப்போகிறது. அப்புறம் என்ன தப்பு?

குன்னூர், கணக்கர்

நல்ல கேள்வி. கூட்டல் சரியாக வரும், அதனால்தான் இந்தத் தப்பை யாரும் பிடிப்பதில்லை. 48ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் வெளிக் கடன், அடுத்து கூட்டாளிகள் முதலுக்கு மேல் கொடுத்த கடன், அதற்குப் பிறகுதான் முதல். மீதி இருந்தால் லாப விகிதத்தில். கடைக்காரரின் கடனைக் கடனீந்தோரோடு கலந்தால் இரண்டாம் படியில் நிற்க வேண்டியவர் முதல் படிக்கு ஏறிவிடுவார். பணம் போதுமான அளவு இருக்கும்போது அது தெரியாது. வங்கியில் 2,50,000 மட்டும் இருந்து, வெளிக் கடன் 2,90,000 என்றால், அப்போது கூட்டாளிக்கும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுப்பது பெரிய தவறு. அதனால் அது தனிப் பதிவு. கூட்டாளி கடன் பற்று 1,00,000, வங்கி வரவு 1,00,000.

கடைக்காரருடைய மனைவி தன் சொந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் அது வெளிக் கடன். அது உள்ளே போகும்.

ஊட்டி, வணிகவியல் ஆசிரியை

பொதுக்காப்பும் உள்ளே போகாது, இல்லையா ஐயா? பழைய லாபம் என்பதால் நேரே முதலுக்கு, 20,000, 20,000, 10,000 என்று. அப்படியானால் கடைக்காரருக்கு 2,66,000, இளையவருக்கு 58,000. வண்டிக்காரர் வண்டியை எடுத்ததால் 84,000 பற்றில் நிற்கிறார்.

குன்னூர், கணக்கர்

அதே. அவர் 84,000 கொண்டுவர வேண்டும். வங்கி பற்று 84,000, வண்டிக்காரர் முதல் வரவு 84,000. வங்கியில் 50,000 இருந்தது. 6,00,000 வந்தது. 2,90,000, 20,000, 1,00,000 போனது. மீதி 2,40,000. அதோடு 84,000 சேர்ந்தால் 3,24,000. 2,66,000உம் 58,000உம் கூட்டிப் பாருங்கள். கடைசிப் பதிவில் இரண்டு முதலும் பற்று, வங்கி வரவு. எல்லா ஏடும் சுழியம்.

இப்போது பெயர். என் வாக்கு தீர்வுக் கணக்குக்கு. சொத்து தீர்கிறது, கடன் தீர்கிறது, வண்டி கூட்டாளியிடம் போய்த் தீர்கிறது. மேலே எழுதிய எந்தப் பதிவிலும் அது தடுக்கவில்லை.

கோத்தகிரி, தேயிலைத் தூள் வியாபாரி

அண்ணா, எனக்குத் தெளிவாகிவிட்டது, மெஷின் பிழைத்தது. ஆனால் ஒன்று. எங்கள் பக்கம் கணக்கு முடிந்தால் பைசல் என்போம். 'அவனுக்குப் பைசல் பண்ணியாச்சு.' பைசல் கணக்கு என்றால் கடைத்தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குன்னூர், கணக்கர்

நல்ல சொல்தான் தம்பி. ஆனால் கடையில் பைசல் என்றால் ஆளுக்குப் பணம் கொடுத்துக் கைகழுவுவது. அது கடைசிப் பதிவு, முதலைக் கொடுக்கும் இடம். அங்கே அதை வைத்துக்கொள்ளலாம், முதல் பைசல் என்று. நட்டம் கண்டுபிடிக்கிற கணக்குக்கு வேண்டாம்.

கூடலூர், எம்.காம். மாணவர்

எனக்குத் தீர்வுக் கணக்கில் இன்னும் ஒரு குறை. கணக்குப் பாடத்தில் தீர்வு என்றால் விடை. 'தீர்வுக் கணக்கின் தீர்வு' என்று வினாத்தாளில் வந்தால்? கலைப்புக் கணக்கு என்றால் அந்தக் குழப்பம் இல்லையே.

ஊட்டி, வணிகவியல் ஆசிரியை

கலைப்பின்போது முதல் கணக்கும் வங்கிக் கணக்கும்கூடப் போடுகிறோமே தம்பி. கலைப்புக் கணக்கு என்றால் அவை மூன்றுமா, இது மட்டுமா? நான் கலைப்புத் தீர்வுக் கணக்கு என்று எழுதிப் பார்க்கிறேன். நீளம்தான், பேரேட்டுத் தலைப்பில் இடம் போதும்.

ஐயா, இன்னொரு கேள்வி. வண்டிக்காரர் 84,000 கொண்டுவர முடியாமல் நொடித்துப்போனால், இளையவரும் கடைக்காரரும் அதை எந்த விகிதத்தில் சுமப்பது?

குன்னூர், கணக்கர்

கார்னர்–முர்ரே வழக்கின்படி லாப விகிதத்தில் இல்லை, முதல் விகிதத்தில். ஒப்பந்தப் பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படி. ஆனால் எந்த முதல்? காப்பைச் சேர்க்காமல் 3,50,000க்கு 1,00,000 என்று சிலர் போடுகிறார்கள். காப்பைச் சேர்த்து 3,70,000க்கு 1,10,000 என்று சிலர். முதல் மாறிக்கொண்டே இருக்கும் முறையில் எழுதப்பட்டிருந்தால் நான் இரண்டாவதைப் போடுவேன். என்னோடு வேலை செய்பவர் ஒத்துக்கொள்வதில்லை. வேறு யாராவது எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.