விளக்கு வெளிச்சத்துல முகம் செங்கல் கலராகுதுங்க, ரிசால்வ்ல எப்படிச் சரி பண்றது?

வெள்ளகோவில்காரன்: வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் ஒரு குலதெய்வக் கோயில்ல காதுகுத்து எடுத்தேன். பகல்லயே கரண்ட் போயிருச்சு. உள்ளார ரெண்டு குத்துவிளக்கும் ஒரு தூங்காவிளக்கும்தான். 8 பிட் லாக், ஒயிட் பேலன்ஸ் 3200. தாய்மாமன் மடியில கொழந்தை, ரெண்டு பேரு முகமும் செங்கல்லு. டெம்பரேச்சரக் கொறைச்சா தூணு நீலமாயிருது, சுடர் வெளுத்துருது. ஆல்பம் பாக்கறவங்க "நம்ம கொழந்தையா இது"ன்னு கேட்டுறக் கூடாதுங்க.

தாராபுரத்தான்: Vectorscope-ல ஸ்கின் லைன் மேல முகத்தக் கொண்டாந்து வைங்க, சரியாப் போயிரும்.

வெள்ளகோவில்காரன்: ஏற்கெனவே கோட்டு மேலதானுங்க இருக்குது. அப்பவும் செங்கல்லுதான்.

கோபிக்காரர்: எனக்கும் இதே பிரச்சனை. மண்டபத்துல டியூப்லைட், எல்லாரும் பச்சையாத் தெரிஞ்சாங்க. மெஜந்தா ஏத்துனேன், போயிருச்சு.

பவானி அண்ணன்: கோபி, உங்குளுது வேற கேஸுங்க; இங்க பச்சையே இல்ல.

தம்பி, எண்ணெ விளக்குச் சுடர் ஏறக்குறைய 1900 கெல்வின். அந்த ஆரஞ்சே ஸ்கின் லைன் பக்கத்துலதான் விழும். அதனால கோடு சரின்னு காட்டும், முகம் தப்பா இருக்கும். கோட்டப் பாக்காதீங்க, நடுவுல இருந்து எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாருங்க. தப்பு சாயல்ல இல்ல, அடர்த்தியில.

தூணு நீலமாகறதுக்கு வாசல் வெளிச்சம் காரணமா இருக்கும். பெரிசாக்கிப் பாருங்க: நீலம் வழவழன்னு பரவியிருந்தா வாசல் வெளிச்சம், பொடிப்பொடியா மினுங்குனா நீல சேனலோட நாய்ஸ்.

லாக்கை மாத்தற நோடுக்கு முன்னாடி, பாதி மட்டும் குளிர்ச்சி பண்ணுங்க. அளவுகோல் மாமன் நெத்தியில இருக்கற திருநீறு. அது வெண்ணெ நெறத்துல நின்னாப் போதும். சுண்ணாம்பாட்டம் வெளுத்தா விளக்கையே அணைச்ச மாதிரி ஆயிரும். அப்புறம் முகத்துக்கு ஒரு வட்ட விண்டோ, ட்ராக் பண்ணி, Hue vs Sat-ல ஆரஞ்சக் கொஞ்சங்கொஞ்சமா எறக்குங்க. குவாலிஃபயர் மட்டும் போட்டா பித்தளை விளக்கு, சந்தனம், நகை எல்லாஞ் சேந்து மாட்டிக்கும்.

வெள்ளகோவில்காரன்: வாசல் தெறந்துதாங்கண்ணா இருந்துச்சு, நீலமும் வழவழன்னுதான் பரவியிருக்கு. நீங்க சொன்னபடி பண்ணேன். முகம் முகமாட்டம் வந்துருச்சு, கல்லும் சூடாவே நிக்குது. ஆனா கொழந்தை அழுவுற குளோசப்புல கன்னம் இன்னும் தட்டையாத்தான் இருக்கு.

பவானி அண்ணன்: Parade-ல செகப்புக்கு மேல்பக்கம் நேர்கோடா வெட்டிருக்குங்களா?

வெள்ளகோவில்காரன்: ஆமாங்க, வெட்டுனாப்லதான் இருக்கு.

பவானி அண்ணன்: அப்ப அங்க கன்னத்து விவரமே பதியல, கிரேடிங்ல திரும்ப வராது. அடர்த்தியக் கொறைச்சா சாம்பப் பூத்துரும். வேற கோணத்துல எடுத்தது ஏதாச்சும் இருக்குங்களா?

வெள்ளகோவில்காரன்: சித்தப்பா ஒருத்தரு போன்ல எடுத்தாருங்க. அது பொருந்துமான்னு தெரியல, வாங்கிப் பாக்கறேன்.

தாராபுரத்தான்: பச்சை சேனலக் கொஞ்சம் செகப்புல கலந்தா வடிவம் வராதுங்களாண்ணா?

பவானி அண்ணன்: வடிவம் ஓரளவு வரும் தம்பி, நெறம் நம்பற மாதிரி வருமான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஒரு ஃப்ரேம அனுப்பி விடுங்க.