பல பாடங்களுக்கான மதிப்பெண் கணிப்பானில் ஓர் உதவி தேவை

வணக்கம். ஒரு மாணவர் தம் பாடங்கள் அனைத்தையும் ஒரே எக்செல் தாளில் கண்காணித்து, இனி வரும் தேர்வில் இன்ன மதிப்பெண் எடுத்தால் முடிவு எப்படி மாறும் என்று சோதித்துப் பார்க்கும் கணிப்பான் ஒன்றை உருவாக்கி வருகிறேன். A பத்தியில் பாடம், C-இல் எடை, D-இல் வாங்கிய மதிப்பெண், E-இல் ஊக மதிப்பெண். உண்மையும் ஊகமும் கலந்துவிடக் கூடாது என்பதால் இரண்டையும் பிரித்தே வைத்து, F-இல் இந்தச் சூத்திரத்தைக் கொடுத்துள்ளேன்:

```
=IF(D2<>"",D2,IF(E2<>"",E2,""))
```

உள்ளே இரண்டாவது `IF` இல்லாவிட்டால், இன்னும் நடக்காத தேர்வு பூஜ்யமாகக் கணக்கில் சேர்ந்து சராசரியைக் கீழே இழுத்துவிடும். எடுத்துக்காட்டாக, 30% எடையுள்ள ஒப்படைப்பில் 84, 30% எடையுள்ள இடைத்தேர்வில் 70 என்றால், சேர்ந்தது 46.2, அதை 60% எடையால் வகுத்தால் இப்போதைய நிலை 77. பூஜ்யம் புகுந்தால் அதுவே 46.2 என்று காட்டி, மாணவரை வீணாகக் கலங்கடிக்கும். மொத்தம் 80 வேண்டுமானால் 40% எடையுள்ள இறுதித்தேர்வில் 84.5 எடுக்க வேண்டும் என்பதும் சரியாகவே வருகிறது.

சிக்கல் எழுவது, ஒப்படைப்புகளில் மிகக் குறைந்த மதிப்பெண்ணை விட்டுவிடும் விதி உள்ள பாடங்களில்தான். ஊக மதிப்பெண்ணை மாற்றும்போது விடுபட வேண்டிய ஒப்படைப்பும் மாறுகிறது. இரண்டு ஒப்படைப்புகள் ஒரே குறைந்த மதிப்பெண்ணைப் பெற்றிருந்தால், `MIN`-உடன் ஒப்பிடும் என் முறை இரண்டையும் நீக்கிவிடுகிறது. பாடவாரியாக ஒன்றை மட்டும் நீக்கி, மீதமுள்ளவற்றுக்கு அதன் எடையைப் பகிர்ந்தளிக்க, மேக்ரோ இல்லாத வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சூத்திரத்துடன் விளக்குங்கள்.