கையெழுத்து இல்லாத பில், தொகை சரி: இதை எப்படி எழுதுவது?

ஆடிட்டில் எனக்கு இது முதல் வருடம். கொள்முதல் பில் 25 எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றையும் ஒப்பிட்டு மேலாளர் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் போக வேண்டும் என்பது அங்குள்ள கட்டுப்பாடு.

14-வது பில்லில் கையெழுத்து இல்லை. ஆனால் தொகை, தேதி, கணக்குத் தலைப்பு எல்லாம் சரி. "பிழை இல்லை" என்று எழுதினேன், சீனியர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் பார்த்தது கட்டுப்பாட்டுச் சோதனையாம். அதில் கேள்வி, அந்த வேலை நடந்ததா என்பதுதான். தொகை சரியாக இருந்தது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். கணக்கில் உள்ள தொகை சரியா என்று பார்ப்பது சப்ஸ்டான்டிவ் சோதனை. சரி, அதுவரை புரிந்தது.

குழப்பம் 19-வது பில்லில். அதில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் வந்த சரக்கு 90, பில்லும் கணக்கும் 100-க்கு. கணக்கில் பிழை என்பது தெளிவு. ஒப்பிடாமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால் கட்டுப்பாடும் தோற்றதுதானே? கட்டுப்பாட்டுச் சோதனைத் தாள், சப்ஸ்டான்டிவ் சோதனைத் தாள் இரண்டிலும் பதிய வேண்டுமா?

இன்னொன்று. இந்த 25-ஐ எடுத்தது, விலகலே இருக்காது என்ற எதிர்பார்ப்பில். இப்போது சாம்பிளைக் கூட்டுவதா, கட்டுப்பாட்டை நம்புவதை விட்டுவிட்டுப் பெரிய தொகைகளையும் வருடக் கடைசிப் பில்களையும் கூடுதலாகச் சோதிப்பதா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. இப்படி ஒரு தாளை எழுதியவர்கள் முடிவுப் பகுதியை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்களேன்.